ஒன்பது மோட்டார் கேட்பவரும் ஒரு சேண்ட் கார்டு கேட்பவரும்

பொள்ளாச்சியில் மோட்டார் பம்பு உதிரிபாகங்களை மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் கடை அது. மாடிப்படிக்கு அடியில் 15 எச்.பி. சப்மெர்சிபிள் செட் மூன்று, அட்டைப்பெட்டியோடு கிடந்தன. இருப்புக் கணக்கைச் சரிசெய்து தர நான் முதல் நாள் போனபோது அவற்றின் மேல் காலண்டர் கட்டு ஒன்றும் யாரோ கழற்றி வைத்த ஹெல்மெட் ஒன்றும் இருந்தன. அதே நாள் மதியம், நெகமம் பக்கத்திலிருந்து வந்த ரீவைண்டிங் கடைக்காரர் ஒருவர் நீளமான பட்டியலை நீட்டினார். பையன் பாதி சரக்கை எடுத்து வைத்த பிறகு, சேண்ட் கார்டு இல்லை என்றான். மோட்டார் தண்டில் மணல் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம் அது. விலை 20 ரூபாய். வந்தவர் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற கடையில் வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டாயிரம் ரூபாய் பில் அதோடு போனது.

இந்த இரண்டு காட்சிக்கும் காரணம் ஒன்றுதான். கடையில் 1,840 வகைச் சரக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே விதி: 45 நாள் விற்பனைக்கு இருப்பு வை. இருப்பில் முடங்கிய பணம் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம். அப்படி இருந்தும் தினமும் ஐந்தாறு "இல்லை".

கடைக்காரர் கணக்குத் தெரியாதவர் இல்லை. ஏற்கெனவே ஒரு ஆடிட்டர் ஏ, பி, சி என்று மதிப்பு வாரியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார். 1950களின் தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து பரவிய பழைய முறை அது. ஓர் ஆண்டில் விற்ற மதிப்பைப் பெரியதிலிருந்து அடுக்கி, முதல் 80 சதவீதம் வரை ஏ, 95 வரை பி, மீதி சி. இந்தக் கடையில் ஏ 212 வகை, பி 390, சி 1,238. "ஏ சரக்கைக் கண்ணும் கருத்துமாகப் பாருங்கள்" என்று ஆடிட்டர் எழுதியிருந்தார். "ஏனுங்க தம்பி, பார்க்கத்தான் பார்க்கிறேன். பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று அவர் எழுதவில்லையே" என்றார் கடைக்காரர். நியாயமான கேள்வி.

மதிப்பு மட்டும் பார்த்தால் ஒரு சரக்கில் எவ்வளவு பணம் ஓடுகிறது என்பது தெரியும். அந்த ஓட்டம் வாய்க்கால் தண்ணீர் போல ஒரே சீராக இருக்கிறதா, ஓடையில் வரும் வெள்ளம் போலவா என்பது தெரியாது. அதற்கு இன்னொரு அளவு வேண்டும். 12 மாத விற்பனை எண்ணிக்கையின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் கிடைப்பது மாறுபாட்டுக் கெழு. அது 0.5க்குள் இருந்தால் எக்ஸ், 1 வரை ஒய், அதற்கு மேல் இசட். பில் மென்பொருளிலிருந்து மாத வாரியாக எடுத்து எக்செலில் போட்டோம்.

```
=STDEV.S(C2:N2)/AVERAGE(C2:N2)
```

ரூபாயில் அல்லாமல் எண்ணிக்கையிலேயே பார்க்க வேண்டும். தாமிர விலை ஏறி இறங்குவதை விற்பனையின் ஏற்ற இறக்கம் என்று கணக்கு தவறாகப் படித்துவிடும்.

இரண்டு எழுத்தையும் சேர்த்தால் ஒன்பது கட்டம். ஒன்பதுக்கும் ஒன்பது விதி எழுதுவது பாடப்புத்தகத்துக்கு அழகு. நான்கு பேர் வேலை செய்யும் கடையில் அது இரண்டு வாரம்கூடத் தாங்காது. நாங்கள் உண்மையில் மாற்றியது நான்கு கட்டங்களை மட்டும். பி வரிசையை ஆறு மாதத்துக்குத் தொடவே இல்லை.

ஏ வரிசையிலிருந்தே இரண்டு சரக்கை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது 0.9 மில்லிமீட்டர் வைண்டிங் கம்பி. ஏப்ரல் தொடங்கி மாத விற்பனை கிலோவில்: 310, 295, 340, 330, 365, 350, 300, 285, 270, 290, 305, 280. சராசரி 310, திட்ட விலக்கம் 30, கெழு 0.1. கிலோ 1,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 37 லட்சம். ஏ-எக்ஸ்.

இரண்டாவது, படிக்கு அடியில் கிடந்த 15 எச்.பி. செட். 0, 0, 9, 0, 1, 0, 0, 6, 0, 0, 8, 0. ஆண்டுக்கு 24, சராசரி மாதம் 2. செட் 80,000 ரூபாய் என்றால் 19 லட்சம். இதுவும் ஏதான். ஆனால் கெழு 1.75, ஏ-இசட்.

45 நாள் விதிப்படி கம்பி 465 கிலோ இருக்க வேண்டும், செட் மூன்று இருக்க வேண்டும். இரண்டும் அப்படியே இருந்தன. விதியைக் கடைக்காரர் ஒழுங்காகத்தான் கடைப்பிடித்திருந்தார். மூன்று செட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒன்பது கேட்டு வருபவருக்கு மூன்று பற்றாது. யாருமே கேட்காத எட்டு மாதங்களில் மூன்றும் தூங்கும். மூன்றை ஐந்தாக்கினாலும் இதே கதைதான். கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய முடியாத ஒன்றை இருப்பு அளவால் சரிசெய்யப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நிறையப் பேர் வேறு சூத்திரம் தேடுவார்கள். விட்டுவிட்டு வரும் தேவைக்கென்றே கணிப்பு முறைகள் உண்டு. 1972இல் கிராஸ்டன் என்பவர் சொன்ன முறை இன்றும் பல மென்பொருள்களில் இருக்கிறது. அதையெல்லாம் தொடும் முன் பில் கட்டைப் பிரித்துப் பார்த்தோம். 24இல் 23 செட்டை வாங்கியவர் ஒரே ஆள். குடிநீர்ப் பணிகளையும் பெரிய தோப்புகளின் ஆழ்துளைக் கிணற்று வேலைகளையும் எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர். மீதி ஒன்று ஒரு விவசாயி.

கடைக்காரர் அவருக்குப் போன் போட்டார். "மாமா, மோட்டார் வேண்டும் என்று உங்களுக்கு எப்போது தெரியும்?" வேலை உத்தரவு கையில் வந்த அன்றே தெரியும், துளை போட்டு முடிந்து மோட்டார் இறக்க எப்படியும் மூன்று வாரம் ஆகும் என்றார் அவர். கோவையில் பம்பு தயாரிப்பவர் செட்டை 12 நாளில் அனுப்பிவிடுவார். கடைக்கு இது இசட். அந்த மாமாவுக்கோ மூன்று வாரம் முன்பே தெரிந்த சேதி. அவர் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். உத்தரவு வந்ததும் எண்ணிக்கை சொல்லி, கால் பங்கு முன்பணம் கொடுத்தால் விலையில் ஒரு சிறு தள்ளுபடி என்று பேசி முடித்தார்கள். 15 எச்.பி. வரிசைக்கு இனி இருப்பு கிடையாது. ஆர்டருக்கு மட்டும் வரவழைப்பது.

ஏ-இசட்டில் இருந்த 68 வகையையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மூன்று நாள் பிடித்தது. பாதிக்கு மேல் ஒன்றிரண்டு பெரிய வாடிக்கையாளர்களின் வேலைதான். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் 34 லட்சம் ரூபாய் நின்றுகொண்டிருந்தது.

கம்பிக்கு வருவோம். இங்கே நேர்மாறான தவறு. இவ்வளவு சீராகப் போகும் சரக்குக்கு 465 கிலோ எதற்கு? சரக்கு வரச் சராசரியாக 10 நாள். திங்கள்தோறும் ஆர்டர் கொடுப்பது என்று வைத்தால், இன்று எடுக்கும் முடிவு 17 நாளைத் தாங்க வேண்டும்: வரும் 10 நாளும், அடுத்த திங்கள் வரை உள்ள 7 நாளும். நாளுக்கு 10.3 கிலோ என்றால் 17 நாளுக்கு 176 கிலோ. அதற்கு மேல் பாதுகாப்பு இருப்பு. மாதத்துக்கு 30 கிலோ என்ற திட்ட விலக்கம் 17 நாளுக்கு 30 × √(17/30), அதாவது 22.6 கிலோ; விற்பனை தன் சராசரியிலிருந்து அந்த அளவுக்கு விலகக்கூடும். கம்பி அனுப்புபவரும் சொன்ன நாளில் அனுப்புவதில்லை. பழைய ரசீதுகளைப் பார்த்தால் அவருடைய விலகல் மூன்று நாள், அதாவது 31 கிலோ. 100 தடவையில் 95 தடவை தீராமல் இருக்க, இரண்டு விலகலையும் சேர்த்து, புள்ளியியல் அட்டவணை சொல்லும் 1.65ஆல் பெருக்க வேண்டும்:

```
1.65 × √(22.6² + 31²) = 63
```

176உம் 63உம் சேர்த்து ஏறத்தாழ 240. இதுதான் கம்பியின் உச்ச அளவு. திங்கள் காலை கைவசமும் வரவேண்டியதும் சேர்த்து எவ்வளவு என்று பார்த்து, 240க்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆர்டர். இப்படிச் செய்தால் கையில் நிற்பது சராசரியாக 100 கிலோ. மூன்றரை லட்சம் ரூபாய் இந்த ஒரு கம்பியிலேயே விடுபடுகிறது.

இந்தக் கணக்கில் கடைக்காரரை யோசிக்க வைத்தது வேறொன்று. விற்பனையின் விலகலை மட்டும் எடுத்தால் 37 கிலோ பாதுகாப்பு போதும். அனுப்புபவரின் தாமதம்தான் அதை 63 ஆக்கியது. எக்ஸ் சரக்கில் ஆபத்து வாடிக்கையாளர் பக்கம் இல்லை, அனுப்புபவர் பக்கம் இருக்கிறது. மாறுபாட்டுக் கெழு அதைக் காட்டாது. ஆர்டர் தேதியையும் சரக்கு வந்த தேதியையும் குறித்து வைத்தால்தான் தெரியும்.

கடைக்காரருக்கு ஒரு மனக்குறை இருந்தது. தாமிர விலை இறங்கும்போது நானூறு, ஐந்நூறு கிலோ வாங்கிப் போடுவது அவருடைய அப்பா காலத்துப் பழக்கம். அதை நான் தடுக்கவில்லை. அது விலையின் மேல் அவர் வைக்கும் பந்தயம், வைக்கட்டும். அந்தக் கம்பியைத் தனி அலமாரியில் வைத்து, தனிக் கணக்கில் எழுதச் சொன்னேன். இரண்டையும் கலந்தால் எது தேவைக்கான இருப்பு, எது லாபத்துக்கான இருப்பு என்று ஆண்டு முடிவில் யாராலும் சொல்ல முடியாது.

எண்ணை அப்படியே நம்பியிருந்தால் நாங்கள் ஏமாந்திருக்கக்கூடிய இடங்கள் இரண்டு.

ஒன்று கபாசிட்டர். ஒற்றை ஃபேஸ் போர்வெல் பேனலில் போடுவது. ஏப்ரலிலிருந்து 420, 450, 260, 110, 70, 60, 80, 60, 70, 90, 150, 340. கெழு 0.82, அதாவது ஒய். ஒய் சரக்குக்குத் தாராளமாகப் பாதுகாப்பு இருப்பு வை என்பது பொது விதி. ஆனால் இந்த எண்களைக் கடையில் இருபது வருடமாக நிற்கும் கணக்குப்பிள்ளையிடம் படித்துக் காட்டியதும், "கோடையில் நீர்மட்டம் இறங்கினால் மோட்டார் நாள் முழுக்க ஓடும், இதெல்லாம் போகும். மழை விழுந்தால் கேட்க ஆள் இருக்காது. இதில் என்ன ஆச்சரியம்?" என்றார். முந்தைய இரண்டு ஆண்டுகளையும் எடுத்துப் பார்த்தோம், அதே உருவம். மார்ச், ஏப்ரல், மே மூன்றையும் தனியே எடுத்தால் கெழு 0.14. ஜூலையிலிருந்து ஜனவரி வரை தனியே எடுத்தால் 0.23. இது ஒய் சரக்கே அல்ல; ஒரே பெயரில் இருக்கும் இரண்டு எக்ஸ் சரக்கு.

எனவே கபாசிட்டருக்கு இரண்டு உச்ச அளவு எழுதினோம், கோடைக்கு ஒன்று, மற்ற மாதங்களுக்கு ஒன்று. பிப்ரவரி நடுவில் ஏற்றுவதை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். மே மூன்றாம் வாரத்தில் ஆர்டரை நிறுத்துவதுதான் மறந்துபோகும். அந்தக் கடையில் ஜூலையில் தேங்கிய சரக்கில் பெரும்பங்கு, மே கடைசியில் பயந்துபோய்க் கொடுத்த ஆர்டர்கள். அதனால் நிறுத்தும் தேதியைக் காலண்டரிலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தோம்.

மற்றொன்று சேண்ட் கார்டு. 190, 210, 0, 0, 60, 205, 180, 0, 195, 200, 0, 170. கெழு 0.81. பார்த்தால் கணிக்க முடியாத சரக்கு போலத் தெரிகிறது. ஆனால் அந்தப் பூஜ்ய மாதங்களுக்கு இருப்புப் பதிவேட்டைத் திறந்தால் அங்கேயும் பூஜ்யம். யாரும் கேட்காமல் இல்லை. கொடுக்கச் சரக்கு இல்லை. முழுதாக இருப்பு இருந்த ஏழு மாதங்களை மட்டும் எடுத்தால் சராசரி 193, கெழு 0.07. கடையிலேயே மிகச் சீராகப் போகும் சரக்குகளில் ஒன்று. பில்லில் விற்பனை மட்டுமே பதிவாகிறது, தேவை பதிவாவதில்லை. இருப்பு தீர்ந்த சரக்கு தன்னைத்தானே ஒய், இசட் என்று காட்டிக்கொள்ளும். அதைப் பார்த்து, "இது நிச்சயமில்லாத சரக்கு, குறைத்து வாங்கு" என்று முடிவெடுத்தால் இன்னும் அடிக்கடி தீரும், கெழு இன்னும் ஏறும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். பெயர் "இல்லை நோட்டு". யாராவது கேட்டு இல்லை என்று சொன்னால் தேதி, சரக்கு, எண்ணிக்கை. முதல் வாரம் மூன்று வரிதான் இருந்தது. பையன்களுக்கு அது குற்றப் பத்திரிகை போலப் பட்டிருக்கிறது. இதில் எழுதியதற்காக யாரையும் திட்டுவதில்லை என்று கடைக்காரர் சொல்லி, அதைக் காப்பாற்றியும் காட்டிய பிறகு நோட்டு நிரம்பியது. ஒரு மாதத்தில் வந்த 140 வரிகளில் தொண்ணூற்றுக்கு மேல் சி சரக்கு.

சி-எக்ஸுக்குக் கணக்கே போடவில்லை. இரண்டு பை முறை. சேண்ட் கார்டுக்கு ஒரு டப்பாவில் திறந்த சரக்கு. அதற்குப் பின்னால் 150 எண்ணிக்கை கொண்ட ஒரு பை, வாய் கட்டி, உள்ளே ஆர்டர் சீட்டோடு. டப்பா தீர்ந்து பையை அவிழ்க்கும்போது சீட்டு வெளியே வரும். அதைக் கல்லா ஆணியில் குத்த வேண்டும். மாதம் 193 போகும் சரக்குக்கு 150 என்பது மூன்று வாரத்துக்கும் மேல். கொஞ்சம் அதிகம்தான். பையில் இருப்பது 3,000 ரூபாய்ச் சரக்கு. அதை மிச்சம் பிடிக்க யாரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை. ஓ-ரிங், கிளாண்டு கயிறு, கேபிள் ஜாயின்ட் டேப் எல்லாவற்றுக்கும் இதுவே விதி.

சி-இசட்டில் எனக்கே ஒரு தவறு நேர்ந்தது. அந்தக் கட்டத்தில் எழுநூறுக்கு மேல் வகை விழுந்தது. "இருப்பு வேண்டாம், தள்ளிவிடுங்கள்" என்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். கணக்குப்பிள்ளைதான் இரண்டு பழைய மாடல் தண்டையும் ஒரு கப்ளிங்கையும் எடுத்து மேசையில் வைத்தார். மாதம் ஒன்று போகும் சரக்கு, தற்செயலாக யாராவது வந்து கேட்டால்தான் போகும். அப்படிப்பட்டவற்றுக்குக் கெழு தானாகவே 1க்கு அருகில்தான் நிற்கும். மாதம் நான்கு போனால் 0.5, மாதம் நூறு போனால் 0.1. எண்ணிக்கை சிறியது என்பதாலேயே அவை இசட்டுக்குள் தள்ளப்படுகின்றன. அவற்றிடம் கெழுவைக் கேட்பதில் பயனில்லை. ஆண்டில் எத்தனை வேறு வேறு ஆட்கள் கேட்டார்கள், அது இல்லாவிட்டால் தோப்பில் தண்ணீர் நிற்குமா, மறுநாள் கோவையிலிருந்து வருமா என்று மூன்று கேள்வி கேட்டோம். மறுநாள் வராது, மோட்டார் நிற்கும் என்றால் ஒன்று வை. விற்ற அன்றே ஒன்று வாங்கு. அப்படி 160 வகை மிஞ்சின. மற்றவற்றில் பாதியைப் பழைய சாமான் விலைக்குக் கொடுக்கக் கடைக்காரருக்கு மனம் வர நான்கு மாதம் ஆனது.

எட்டு மாதம் கழித்து மறுபடி பிரித்துப் பார்த்தபோது இருப்பு 82 லட்சத்துக்கு வந்திருந்தது. ஏ-இசட் 34லிருந்து 15. இல்லை நோட்டில் மாதத்துக்கு முப்பது வரி அளவில் நின்றது. எல்லாம் சரியாகப் போகவில்லை. தீபாவளி வாரம் கம்பி அனுப்புபவரின் பட்டறை மூடியிருந்தது. ஆட்கள் ஊரிலிருந்து திரும்பிவர இன்னும் ஒரு வாரம். எங்கள் 240 அதைத் தாங்கவில்லை, கம்பி நான்கு நாள் அறவே இல்லை. 45 நாள் விதி இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று கடைக்காரர் சொன்னார், சொன்னது உண்மைதான். மூன்று நாள் விலகல் என்ற எண் சாதாரண வாரங்களிலிருந்து வந்தது. இப்போது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மூன்று வாரம் முன்பே உச்ச அளவு 380 ஆக ஏறுகிறது. கபாசிட்டர் நிறுத்தும் தேதி இருக்கும் அதே காலண்டரில் இதற்கும் சிவப்பு வட்டம்.

ஒப்பந்ததாரர் மாமா ஒரு தடவை சொல்லாமல் ஐந்து செட்டை வேறு கடையில் வாங்கிவிட்டார். அவசரம் என்றார். அந்த ஐந்துக்காக மறுபடி இருப்பு வைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்கப் பேசி, வேண்டாம் என்று விட்டோம். எல்லைக் கோட்டில் நிற்கும் சரக்குகள் ஒவ்வொரு தடவையும் எக்ஸுக்கும் ஒய்க்கும் தாவுகின்றன. இரண்டு முறை தொடர்ந்து ஒரே பக்கம் விழுந்தால்தான் விதியை மாற்றுவது என்று வைத்திருக்கிறோம். பிரிப்பது ஆண்டுக்கு இரண்டு முறை, கோடைக்கு முன் ஒன்று, ஆடி கழிந்து ஒன்று.

படிக்கு அடியில் இருந்த மூன்று செட்டில் ஒன்று ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்புக்குப் போனது. ஒன்றைத் தயாரிப்பாளரே திருப்பி எடுத்துக்கொண்டார். மூன்றாவது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போன மாதம் போனபோது அதன் மேல் ஹெல்மெட் இல்லை, "இருப்பு இல்லை, ஆர்டர் மட்டும்" என்று கணக்குப்பிள்ளை கையால் எழுதி ஒட்டிய அட்டை ஒன்று இருந்தது.